தரமணி அலுவலகத்துக்கு எந்த வீடு? மூன்று வீடுகளின் கணக்கு

மூன்றுமே 2 பெட்ரூம். போக வேண்டிய இடம் டைடல் பார்க், மாதம் 22 நாள், பைக்கில். பயண நேரம் செவ்வாய்க்கிழமை காலை 8.45க்கும் மாலை 6.30க்கும் கிளம்பி அளந்தது. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனபோது மேடவாக்கத்திலிருந்து 30 நிமிடத்தில் வந்துவிட்டோம்; அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

| | வேளச்சேரி | மேடவாக்கம் | திருவான்மியூர் |
|---|---|---|---|
| வாடகை | ₹24,000 | ₹18,000 | ₹31,000 |
| மெயின்டனன்ஸ் | ₹2,500 | ₹1,500 | ₹3,000 |
| அட்வான்ஸ் | ₹1,50,000 | ₹90,000 | ₹2,00,000 |
| புரோக்கர் கமிஷன் | ₹24,000 | இல்லை | ₹31,000 |
| சாவி வாங்கும் நாளில் கையில் வேண்டியது (முதல் மாத வாடகை சேர்த்து) | ₹1,98,000 | ₹1,08,000 | ₹2,62,000 |
| தூரம், ஒரு வழி | 7 கி.மீ. | 13 கி.மீ. | 2.5 கி.மீ. |
| காலை / மாலை நிமிடங்கள் | 28 / 35 | 50 / 65 | 12 / 15 |
| சாலையில் மாதத்துக்கு | 23 மணி | 42 மணி | 10 மணி |
| பெட்ரோல் (லிட்டர் ₹101, 45 கி.மீ. மைலேஜ்) | ₹690 | ₹1,285 | ₹250 |
| மாதச் செலவு | ₹27,190 | ₹20,785 | ₹34,250 |

கையில் இருப்பது ₹2,10,000. அதனால் திருவான்மியூர் இப்போதே விழுந்துவிடுகிறது, ஓனர் அட்வான்ஸை ₹1,45,000க்கு இறக்கினால் ஒழிய. அப்படி இறக்கினாலும், வேளச்சேரியைவிட மாதம் ₹7,060 கூடுதலாகக் கொடுத்து 13 மணி நேரம் மிச்சம் பிடிக்கிறோம்: மணிக்கு சுமார் ₹535. மேடவாக்கத்திலிருந்து வேளச்சேரிக்கு ஏறினால் ₹6,405க்கு 19 மணி, அதாவது மணிக்கு ₹335தான். இந்த இரண்டாவது பேரம் படியும்.

மேடவாக்கத்தின் மலிவில் இன்னொரு ஓட்டை. அங்கே தனி ஈ.பி. மீட்டர் கிடையாது, சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ₹9 வாங்குகிறார்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் நம் கைக்கு வராது. இரண்டு மாதத்தில் 400 யூனிட் ஓடினால் ₹3,600. மேலே உள்ள மாதச் செலவில் இது இல்லை. கோடையில் லாரித் தண்ணீருக்கும் தனியாகப் பிரிப்பார்களாம்.

வேளச்சேரியில் பயம் மழைதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்தப் பகுதியில் தெருக்கள் மூழ்கின. வீடு இரண்டாவது மாடி, ஆனால் பார்க்கிங் தரைமட்டம், பைக் நனையும். அன்று தண்ணீர் எந்த அளவுக்கு ஏறியது என்று ஓனரிடம் கேட்பதைவிட எதிர்க்கடை அண்ணனிடம் கேட்பது நல்லது. பைக் ஓட்ட முடியாத நாளில் பறக்கும் ரயில் இருக்கிறது: வேளச்சேரியில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் திருவான்மியூர், இறங்கினால் டைடல் பார்க் பக்கம்தான்.

முடிவு: வேளச்சேரி. டோக்கன் ₹5,000க்கு மேல் வேண்டாம், அதுவும் ரசீதோடு. கையெழுத்துக்கு முன் பேச வேண்டியவை:

- அட்வான்ஸ் ஆறு மாத வாடகைக்கு மேல் வருகிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் சட்டப்படி மூன்று மாதம்தான் உச்சம். ₹1,00,000 என்று ஆரம்பித்தால் ₹1,20,000இல் நிற்கும்.
- காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பது தொகையாக ஒப்பந்தத்தில் வர வேண்டும். "ஒரு மாத வாடகை" என்று எழுதினால், வாடகை ஏற ஏற அதுவும் ஏறும்.
- அட்வான்ஸைப் பணமாகக் கொடுக்காமல் வங்கி வழியே அனுப்புவது.

ஓனர் வெள்ளிக்குள் பதில் கேட்டிருக்கிறார். வியாழன் மாலை எதிர்க்கடையில் விசாரித்துவிட்டுப் பேசலாம்.