இலவச சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் – ஜூன் 14, ஞாயிறு, மன்னார்குடி

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணியிலிருந்து மதியம் 12 மணி வரை நம் கிளினிக்கில் இலவசப் பரிசோதனை முகாம் நடக்கிறது. 30 வயதுக்கு மேற்பட்ட யாரும் வரலாம், ஏற்கெனவே நம்மிடம் பார்ப்பவராக இருக்க வேண்டும் என்பதில்லை. சர்க்கரையும் பிரஷரும் ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது, அதனால் "எனக்கு ஒன்றும் இல்லையே" என்பவர்கள்தான் முக்கியமாக வர வேண்டும்.

வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை, இடுப்புச் சுற்றளவு பார்ப்போம். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதப் பரிசோதனையும் உண்டு. மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று கேட்போம், அவ்வளவுதான், வலிக்காது. நடக்கும்போது செருப்பு கழன்றதே தெரியவில்லை என்பவர்கள், காலில் ஆறாத புண் உள்ளவர்கள் இதைத் தவறவிடாதீர்கள். ஈசிஜி, ஸ்கேன், கண் பரிசோதனை இந்த முகாமில் இல்லை.

முதல் நாள் இரவு சாப்பிட்ட பிறகு குறைந்தது 8 மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், ஆனால் காலை டீ, காபி வேண்டாம், சர்க்கரை போடாததும் வேண்டாம். பிரஷர் மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு வாருங்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலினைக் கையோடு எடுத்து வந்து, ரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாட்டு நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். இரவில் இன்சுலின் போடுபவர்களும் கர்ப்பிணிகளும் தயவுசெய்து முன்பே எங்களிடம் பேசிவிடுங்கள், நீங்களாகப் பட்டினி இருக்க வேண்டாம். வெறும் வயிற்றில் வந்து மயக்கமாக, படபடப்பாக, வியர்த்துக் கொட்டுவதாக இருந்தால் வரிசையில் நிற்காமல் உடனே சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். முகாமில் வரும் ஒரு எண்ணை வைத்து உங்களுக்கு நோய் என்று முடிவு செய்ய மாட்டோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேலோ, பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேலோ இருந்தால் பொதுவாக இன்னொரு நாளும் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். அந்த மறுபரிசோதனையை இங்கே செய்தாலும் சரி, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ இலவசமாகச் செய்தாலும் சரி, முகாம் முடிவைச் சீட்டில் எழுதித் தருகிறோம், எங்கேயும் காட்டலாம். இங்கேயே மருந்து வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. உங்கள் முடிவை உங்களிடம் மட்டும் தனியாகச் சொல்வோம், பெயர் சொல்லிக் கூட்டத்தில் வாசிக்க மாட்டோம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது, பேச்சு குழறுவது இருந்தால் முகாமுக்காகக் காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.

பழைய மருந்துச் சீட்டு, ரத்த ரிப்போர்ட் இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லையென்றாலும் வாருங்கள். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி வரிசை, உட்கார நாற்காலி உண்டு. இந்தச் செய்தி வந்த வாட்ஸ்அப் எண்ணுக்கே பெயரும் வயதும் அனுப்பினால் எத்தனை மணிக்கு வரலாம் என்று சொல்லிவிடுவோம். போன் இல்லாதவர்கள் நேரே வந்து வரவேற்பில் டோக்கன் வாங்கிக்கொள்ளலாம்.