கணினிகளுக்குப் புது இமேஜ் போட்டபின் உரிமங்களை விடுவிக்கக் கோரும் கடிதம்

சேலம்
16.03.2026

அனுப்புநர்
ஆய்வக ஒருங்கிணைப்பாளர்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை,
ஏற்காடு மெயின் ரோடு, சேலம்.

பெறுநர்
மேலாளர்,
கல்வி உரிமங்கள் பிரிவு,
மின்சுற்று வடிவமைப்பு மென்பொருள்.

பொருள்: 60 கணினிகளுக்கான உரிமத்தில், அழிந்துபோன 31 ஆக்டிவேஷன்களை மட்டும் விடுவிக்கக் கோருதல் - தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் கொள்முதல் ஆணை எண் இ.சி.இ/47/2023-24. 2. எங்கள் உதவிக் கோரிக்கைகள், நாள் 09.03.2026 மற்றும் 11.03.2026.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம்.

எங்கள் துறையில் இரண்டு ஆய்வகங்கள். முதலாவதில் 36 கணினிகள், இரண்டாவதில் 24. மொத்தம் 60, வாங்கிய உரிமமும் 60. இன்று தங்கள் மென்பொருள் திறப்பது 29 கணினிகளில் மட்டுமே. மீதி 31-இலும் ஒரே வரிதான் வருகிறது:

```
Activation limit reached (60/60)
```

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் ஆய்வகத்தில் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், டிசம்பர் விடுமுறையிலேயே விண்டோஸ் 11-க்கு மாற்றத் திட்டமிட்டிருந்தோம். 14 கணினிகளுக்குப் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட வேண்டியிருந்தது, அதற்கான கொள்முதல் ஒப்புதல் வருவதற்குள் செமஸ்டர் தொடங்கிவிட்டது. கோடை விடுமுறைக்குத் தள்ளிவைக்கலாம் என்றிருந்த நேரத்தில், பிப்ரவரி 26 அன்று ஒரு மாணவரின் பென் டிரைவ் வழியாக வைரஸ் நுழைந்தது. அன்று மாலையே 31 கணினிகளின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டோம். மார்ச் 7, 8 இரண்டு நாளும் உட்கார்ந்து 36 கணினிகளையும் ஃபார்மேட் செய்து, ஒரே மாஸ்டர் இமேஜைப் போட்டோம்.

வைரஸ் தொடாத 5 கணினிகளில் மட்டும் இணைய இணைப்பு இருந்தது. அவற்றில் முறைப்படி உரிமத்தை டீஆக்டிவேட் செய்துவிட்டுத்தான் ஃபார்மேட்டுக்குப் போனோம். மற்ற 31-இலும் அதைச் செய்ய இணைப்பு வேண்டும். வைரஸ் இருக்கும் கணினியை மீண்டும் நெட்வொர்க்கில் சேர்க்க எனக்குத் துணிவில்லை. இணையம் இல்லாமலே கோப்பு மூலம் டீஆக்டிவேட் செய்யும் வழி தங்கள் கையேட்டில் இருப்பதைப் பிறகுதான் படித்தேன். அது என் தவறு. அந்தக் கோப்பை எடுத்து வைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

ஆகவே தங்கள் சர்வர் கணக்கில் அந்த 31-உம் இன்னும் உயிரோடு இருக்கின்றன. டீஆக்டிவேட் செய்த 5 இடங்களும் புதிதாக ஆக்டிவேட் செய்த 5-க்குப் போய்விட்டன, ஆறாவதில் நின்றுவிட்டது.

இதைத்தான் இரண்டு முறை உதவிப் பிரிவுக்கு எழுதினேன். இரண்டு முறையும் 'பழைய கணினியில் மென்பொருளைத் திறந்து டீஆக்டிவேட் செய்யவும்' என்ற தானியங்கிப் பதில் வந்தது. கோரிக்கையும் தீர்க்கப்பட்டதாக மூடப்பட்டது. பழைய கணினியும் புதிய கணினியும் ஒரே பெட்டிதான். திறப்பதற்குப் பழைய விண்டோஸ் எங்கே இருக்கிறது?

60 உரிமத்தை வைத்துக்கொண்டு 91 கணினிகளில் ஓட்டப் பார்க்கிறார்களோ என்ற சந்தேகம் தங்களுக்கு வருவது நியாயமே. தங்கள் உரிமப் போர்ட்டலில் 'கடைசித் தொடர்பு' என்ற கட்டத்தைப் பாருங்கள். நாங்கள் விடுவிக்கக் கேட்கும் 31 பெயர்களில் ஒன்றுகூடப் பிப்ரவரி 26-க்குப் பிறகு தங்கள் சர்வரைத் தொட்டிருக்காது. அதுவும் போதாதென்றால் தொலைநிலை இணைப்பு மூலம் எங்கள் ஆய்வகத்தைக் கணினி கணினியாகத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். நான் உடன் இருக்கிறேன்.

ஒரு முக்கிய வேண்டுகோள். அவசரத்தில் 60-ஐயும் மொத்தமாக ரீசெட் செய்துவிட வேண்டாம். இரண்டாம் ஆய்வகத்தின் 24 கணினிகளும் வாங்கும்போதே விண்டோஸ் 11-உடன் வந்தவை. அவற்றை நாங்கள் தொடவே இல்லை. அங்கே தினமும் வகுப்பு நடக்கிறது. அவையும் நின்றால் துறைக்கே மென்பொருள் இல்லாமல் போகும்.

எதை விடுவிப்பது என்று தெரிய, ஓர் அட்டவணை இணைத்துள்ளேன். போர்ட்டலில் உள்ள பழைய பெயர், இப்போதைய பெயர், பயாஸ் வரிசை எண், மேக் முகவரி ஆகியவை வரிசையாக இருக்கும். கடைசி இரண்டும் ஒவ்வொரு கணினியிலும் இந்த இரண்டு கட்டளைகளை ஓட்டி எடுத்தவை:

```
Get-CimInstance Win32_BIOS | Select-Object SerialNumber
getmac /v
```

அட்டவணையில் 9, 17, 22 ஆகிய மூன்று வரிகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சென்ற ஆண்டு மே மாதம் மலைப் பக்கமிருந்து வந்த இடிமழையில் இந்த மூன்றின் மதர்போர்டும் போய்விட்டது. மாற்றிப் போட்ட போர்டுகளில் வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில் `To Be Filled By O.E.M.` என்றே இருக்கிறது, மூன்றிலும். வரிசை எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே கணினியாகத் தெரியும். மேக் முகவரியை வைத்துப் பிரித்துக்கொள்ளவும். அப்போதும் இதே உரிமங்களுக்காக எழுதினோம். தங்கள் பிரிவில் ஒருவர் அரை நாளில் முடித்துக் கொடுத்தார். அந்த நினைவில்தான் இம்முறை நேரே தங்களுக்கு எழுதுகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கணினியை அடையாளம் காணத் தங்கள் மென்பொருள் சி டிரைவின் வால்யூம் எண்ணையும் எடுத்துக்கொள்கிறதா? ஒரே இமேஜிலிருந்து நகலெடுத்ததால் `vol c:` கொடுத்தால் 36-இலும் ஒரே எண் வருகிறது. `sysprep /generalize` செய்துதான் இமேஜ் எடுத்தோம். ஆனால் அது இந்த எண்ணை மாற்றுவதில்லை. இதனால் சிக்கல் வரும் என்றால் ஆக்டிவேட் செய்யும் முன்பே சொல்லிவிடுங்கள், மாற்றிவிடுகிறோம். மேலும், கல்லூரிக் கணினிகள் அனைத்தும் ஒரே ஐ.பி. முகவரி வழியாகத்தான் வெளியே போகின்றன. ஒரே மதியத்தில் 31 ஆக்டிவேஷன் வந்தால் தங்கள் சர்வர் முறைகேடு என்று பூட்டிவிடக் கூடாது.

மாதிரிச் செய்முறைத் தேர்வு 23-ஆம் தேதி திங்கள்கிழமை. பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு 30-ஆம் தேதி தொடங்குகிறது. ஒரு பிரிவுக்கு 36 பேர். முதல் ஆய்வகத்தில் இப்போது ஒரு திரையைச் சுற்றி ஏழு பேர் நிற்கிறார்கள். ஒருவர் மவுஸைப் பிடிக்க, மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் சர்க்யூட் வரைந்துகொண்டு முறைக்குக் காத்திருக்கிறார்கள். மாலையில் கூடுதல் வகுப்பு வைக்கலாம் என்றால், ஏற்காட்டிலிருந்து வரும் பிள்ளைகளை அதற்கு மேல் நிறுத்திவைக்க முடியாது. மலைக்குப் போகும் பஸ்ஸை விட்டால் அவர்களுக்கு வேறு வழியில்லை.

எனவே, இணைப்பில் உள்ள 31 ஆக்டிவேஷன்களையும் 19-ஆம் தேதி வியாழக்கிழமைக்குள் விடுவித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று மாலையும் வெள்ளிக்கிழமையும் எங்கள் ஆய்வக உதவியாளர் அனைத்தையும் ஆக்டிவேட் செய்து, திறந்து பார்த்துவிடுவார். முழுமையாக விடுவிக்க நாளாகும் என்றால், தேர்வு முடியும் வரைக்குமாவது 31 தற்காலிக உரிமங்கள் கொடுங்கள்.

வரும் ஜூனில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, கணினிக்குக் கணினி பூட்டாமல் ஒரு சர்வரிலிருந்து பகிர்ந்துகொள்ளும் நெட்வொர்க் உரிமமாக மாற்ற விரும்புகிறோம். 60 பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்த என்ன விலை ஆகும் என்று தனியாக அனுப்பிவைக்கவும். துறைத் தலைவரின் மேசையில் ஏப்ரலிலேயே வைத்தால்தான் ஜூனுக்குள் ஒப்புதல் கிடைக்கும். எங்கள் கொள்முதல் வேகத்தை மேலே எழுதியிருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆய்வக ஒருங்கிணைப்பாளர்

இணைப்பு:
1. விடுவிக்க வேண்டிய 31 கணினிகளின் அட்டவணை
2. போர்ட்டலில் 'கடைசித் தொடர்பு' தெரியும் பக்கத்தின் படம்
3. மூன்று மதர்போர்டுகள் மாற்றியதற்கான ரசீது நகல்
4. துறைத் தலைவரின் ஒப்புதல் கையெழுத்துடன் இக்கடிதத்தின் பிரதி