ஒரே வீதி, இரண்டு கண்கள்
தரம் 9 தமிழ்: வாசிப்புப் பயிற்சி

பத்தி அ
100ஆம் இலக்க பஸ்ஸில் வந்து புறக்கோட்டையில் இறங்கினால் பிரதான வீதியில் கால் வைக்க இடமில்லை. செருப்பும் குடையும் நடைபாதையை விழுங்கிவிட்டன. அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, லொறிக்கும் நாட்டாமியின் கைவண்டிக்கும் நடுவில் நடக்கிறேன். இந்த நடைபாதைக் கடைகளை அகற்றத்தான் வேண்டும்.

பத்தி ஆ
நடைபாதையில் குடை விற்கிறேன். கடையொன்றை வாடகைக்கு எடுக்க முற்பணத்துக்கு எங்கே போவேன்? மாதக் கடைசியில் கையில் காசில்லாதவரும் என்னிடம் குடை வாங்கி நனையாமல் போகிறார். இடத்தைக் கோடு போட்டுக் குறித்துத் தாருங்கள், கோட்டைத் தாண்டமாட்டேன்.

1. ‘குடை’ இரண்டிலும் வருகிறது. நோக்கு எவ்வாறு வேறுபடுகிறது?
விடை: அ-வில் குடை ஒரு தடை. ‘விழுங்கிவிட்டன’ என்ற வினை பொருள்மேல் பழிபோடுகிறது. விற்பவர் கண்ணிலேயே படவில்லை. ஆ-வில் அதே குடை விற்பவருக்குப் பிழைப்பு, வாங்குபவருக்கு உதவி.

2. இருவரும் ஒத்துப்போகும் இடம் உண்டா?
விடை: உண்டு. நெரிசலை ஆ மறுக்கவில்லை. ‘கோட்டைத் தாண்டமாட்டேன்’ என்பதிலேயே அது தெரிகிறது.

(யார் நல்லவர் என்று எழுதினால் புள்ளி கிடையாது, பிள்ளைகளே. கேள்வி அதுவல்ல.)