சுய ஆய்வு அறிக்கை – முதல் சுற்று அங்கீகாரம்
மதிப்பீட்டுக் காலம்: 2019–20 முதல் 2023–24 வரை
நீலகிரி மாவட்டம், பந்தலூர் வட்டம்

கல்லூரியைப் பற்றி

பாரதியார் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற இருபாலர் கலை அறிவியல் கல்லூரி இது. தமிழ், ஆங்கிலம், வணிகவியல், கணினி அறிவியல், தாவரவியல் என ஐந்து இளநிலைப் படிப்புகள் உள்ளன. 2023–24இல் 612 பேர் படித்தார்கள். அவர்களில் 371 பேர் பெண்கள். 448 பேர் தங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை.

எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும், பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். வருகைப் பதிவு, தேர்ச்சி, இடைநிற்றல் எதைப் பார்த்தாலும் மழை, பஸ், யானை, வீட்டில் மின்சாரம் இல்லாமை ஆகிய நான்கும் அதில் தெரியும். அதை மறைக்காமல், நாங்கள் என்ன மாற்றினோம் என்பதைக் காட்டவே இந்த அறிக்கையை எழுதியிருக்கிறோம்.

அளவுகோல் 1: பாடத்திட்டம்

பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துடையது. எங்கள் கையில் இருப்பது சான்றிதழ் படிப்புகளும் கள வேலையும்தான். பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதும் 30 மணி நேரப் படிப்பை வணிகவியல் துறை நடத்துகிறது. சிறு விவசாயிகளின் பிள்ளைகள் வீட்டு ரசீதுகளைக் கொண்டுவந்து, எடைக்கழிவையும் விலையையும் தாங்களே சரிபார்க்கிறார்கள்.

| சான்று | விவரம் | ஆவணம் |
|---|---|---|
| சான்றிதழ் படிப்புகள் | 5 ஆண்டில் 9. முடித்தோர் 346 | பதிவேடு 1‑அ |
| களப்பணித் திட்டங்கள் | தாவரவியல், வணிகவியல் இறுதியாண்டினர் அனைவரும் | துறைக் கோப்புகள் |
| பாடம் பற்றிய மாணவர் கருத்து | ஆண்டுக்கு ஒரு முறை | அகத் தர உறுதி மையக் கோப்பு 4 |

அளவுகோல் 2: கற்பித்தல், கற்றல், மதிப்பீடு

ஆசிரியர்கள் 31 பேர். அவர்களில் 11 பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். 9 பேர் நெட் அல்லது செட் தேர்ச்சி பெற்றவர்கள்.

2019–20இல் முதல் மணி நேர வருகை 61 விழுக்காடு. பிள்ளைகள் சோம்பேறிகள் என்றுதான் முதலில் நினைத்தோம். அகத் தர உறுதி மையம் வழித்தடம் வாரியாகப் பட்டியல் எடுத்தபோது காரணம் தெரிந்தது. விடியற்காலையில் ரோட்டில் யானை நின்றால் முதல் பஸ் கிளம்பாது. அடுத்த பஸ்ஸில் ஏறினால் 9 மணி வகுப்புக்கு வர முடியாது. 2021 டிசம்பரில் தொடக்க நேரத்தை 9.45க்கு மாற்றி, மதிய இடைவேளையைக் குறைத்தோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையில் விட்டுப்போன பாடங்களை செப்டம்பர், அக்டோபர் சனிக்கிழமைகளில் நடத்துகிறோம். அகமதிப்பீட்டுத் தேர்வைத் தவறவிட்டவருக்கு, அந்த வழியில் பஸ் ஓடவில்லை என்று உறுதியானால் மறுவாய்ப்பு உண்டு.

| ஆண்டு | முதல் மணி நேர வருகை (%) | மழைக்கால மாற்று வகுப்புகள் | இறுதியாண்டுத் தேர்ச்சி (%) |
|---|---|---|---|
| 2019–20 | 61 | இல்லை | 72 |
| 2021–22 | 70 | 18 | 74 |
| 2022–23 | 81 | 42 | 77 |
| 2023–24 | 84 | 46 | 79 |

2020–21இல் வகுப்புகள் பெரும்பாலும் ஆன்லைனில் நடந்ததால் அந்த ஆண்டை இந்த அட்டவணையில் சேர்க்கவில்லை. சிக்னல் கிடைக்கும் மேடுகளுக்கு நடந்துபோய்ப் படித்தவர்களின் பட்டியல் துறைக் கோப்பில் தனியாக இருக்கிறது.

அளவுகோல் 3: ஆராய்ச்சி, புத்தாக்கம், விரிவாக்கம்

ஆராய்ச்சியில் நாங்கள் பின்தங்கியிருக்கிறோம். காப்புரிமை எதுவும் இல்லை, வெளி நிதி பெற்ற திட்டம் ஒன்றே ஒன்று. விரிவாக்கப் பணி அப்படியல்ல. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வனத்துறை அனுமதியோடு உண்ணிச்செடியை அகற்றிய இடங்களில், தாவரவியல் துறை நாட்டு மரக்கன்றுகளை நட்டு ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது.

| சான்று | எண்ணிக்கை | ஆவணம் |
|---|---|---|
| ஆய்வுக் கட்டுரைகள் | 14 (யுஜிசி பட்டியல் இதழ்களில் 5) | கோப்பு 3‑அ |
| நிதி பெற்ற திட்டம் | 1 | ஒப்புதல் கடிதம் |
| நட்ட கன்றுகள் / உயிரோடு இருப்பவை | 1,150 / 690 | கள ஏடு, படங்கள் |

அளவுகோல் 4: உள்கட்டமைப்பு, கற்றல் வளங்கள்

வகுப்பறைகள் 16, கணினிகள் 38, நூலகத்தில் 9,420 புத்தகங்கள். காற்றடித்தால் இணையம் போய்விடும். இரண்டாவது இணைப்புக்கு 2024–25 பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியிருக்கிறோம். 2019 ஆகஸ்டில், அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய அதே வாரத்தில், எங்கள் பின்புறத் தடுப்புச் சுவர் சரிந்தது. கட்டி முடிக்க 14 மாதம் ஆனது. அதுவரை தமிழ்த்துறை வகுப்புகள் நூலகத்தில் நடந்தன.

சின்ன ஏற்பாடு ஒன்றையும் பதிவு செய்கிறோம். மழை மாதங்களில் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கிண்ணம் உப்பும் இருக்கும். தோட்டத்து வழியாக நடந்து வருகிறவர்கள் காலில் ஏறிய அட்டையை எடுத்துவிட்டு, பக்கத்து அறையில் குடையையும் செருப்பையும் காய வைத்துவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள். அறையைத் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்டது மாணவர் பேரவை.

| சான்று | விவரம் | ஆவணம் |
|---|---|---|
| நூலகப் பயன்பாடு | நாளொன்றுக்குச் சராசரி 74 பேர் | வருகை ஏடு |
| தடுப்புச் சுவர் | 2020 அக்டோபரில் முடிந்தது | பொறியாளர் சான்று, பில்கள் |
| சாய்தளம் | 2 கட்டடங்களில் 1இல் மட்டும் | படம், வரைபடம் |

அளவுகோல் 5: மாணவர் ஆதரவும் முன்னேற்றமும்

அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் 2022 முதல் பெரிய உதவி. பஸ் செலவுக்கே அது போய்விடுகிறது என்று பலர் சொன்னார்கள். ஆனாலும் படிப்பை நிறுத்தவில்லை.

பழங்குடி மாணவர்கள் விஷயத்தில் எங்களுக்கு நிம்மதியில்லை. ஐந்து ஆண்டில் சேர்ந்த 74 பேரில் 29 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். அவர்களில் 17 பேர் முதல் பருவத்திலேயே போனவர்கள். 2022 முதல் ஆசிரியர் ஒருவரும் மூத்த மாணவர் ஒருவரும் குடியிருப்புக்கு நேரில் போய்ப் பேசுகிறார்கள். அப்புறம் 6 பேர் திரும்பி வந்தார்கள். போதாது என்பது எங்களுக்கே தெரியும்.

| சான்று | எண்ணிக்கை | ஆவணம் |
|---|---|---|
| புதுமைப்பெண் பெறுவோர் (2023–24) | 203 | வங்கிப் பட்டியல் |
| பழங்குடி மாணவர் இடைநிற்றல் | 74இல் 29. திரும்பியோர் 6 | சந்திப்பு ஏடு |
| மேற்படிப்பு / வேலை (2023–24) | 41 / 57 | சேர்க்கை, பணி ஆணைகள் |

அளவுகோல் 6: நிர்வாகம், தலைமை

| சான்று | விவரம் | ஆவணம் |
|---|---|---|
| அகத் தர உறுதி மையக் கூட்டங்கள் | 5 ஆண்டில் 19 | குறிப்பேடு |
| வெளித் தணிக்கை | ஆண்டுதோறும் | தணிக்கை அறிக்கைகள் |
| ஆசிரியர் பயிற்சி | 31இல் 26 பேர் | சான்றிதழ்கள் |

அளவுகோல் 7: விழுமியங்களும் சிறந்த நடைமுறையும்

எங்கள் சிறந்த நடைமுறை விளக்கு இரவல். ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின்படி உரிமை இன்னும் முடிவாகாத செக்ஷன் 17 நிலத்தில் வீடு இருப்பதால் மின் இணைப்பு இல்லாத மாணவர்கள் பலர். அவர்களுக்காக 2021இல் 40 சோலார் விளக்குகள் வாங்கினோம். காலையில் நூலகத்தில் வைத்துவிட்டுப் போனால், மாடியில் உள்ள பலகையில் சார்ஜ் ஆகும். மாலையில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். ஏட்டில் எண், பெயர், எடுத்த நேரம், திருப்பிய நேரம், குறிப்பு என ஐந்து பத்திகள். குறிப்புப் பத்தியில் ஒரு மாணவி எழுதியிருக்கிறார்: "நேற்று தம்பியும் இதிலேயே படித்தான்." பத்தாம் வகுப்புத் தம்பி தங்கை வீட்டில் இருந்தால் தேர்வு மாதத்தில் இரண்டு விளக்கு கொடுக்கலாம் என்று அதன்பிறகு விதியை மாற்றினோம்.

| சான்று | விவரம் | ஆவணம் |
|---|---|---|
| விளக்கு இரவல் (2023–24) | 4,312 பதிவுகள் | விளக்கு ஏடு 1–3 |
| பழுது / தொலைந்தவை | 7 / 1 | நூலகர் குறிப்பு |
| இரவல் பெறுவோர் தேர்ச்சி | 52இல் 43 பேர் | மதிப்பெண் பட்டியல் |

உறுதிமொழி

மேலே உள்ள எண்கள் அனைத்தும் மூல ஏடுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. நேராய்வுக் குழு வரும் நாளில் ஏடுகள் நூலகத்தின் முதல் மேசையில் அளவுகோல் வரிசைப்படி இருக்கும். குழு விரும்பினால் மாலை 4 மணிக்கு விளக்கு கொடுக்கும்போது உடனிருந்து மாணவர்களிடம் நேரடியாகப் பேசலாம்.

முதல்வர்
ஒருங்கிணைப்பாளர், அகத் தர உறுதி மையம்