யாழினியின் வராண்டா கணக்கு

யாழினிக்கு,

உன் கணக்குப் பேப்பரை உங்கம்மா போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். பத்துக்கு மூன்று. அழுதாயாம். நான் பேப்பரை இரண்டு தடவை பார்த்தேன். ஒரு பெருக்கல்கூடத் தப்பாக இல்லை. வாய்ப்பாடு எல்லாம் சுத்தம். போன ஏழு மதிப்பெண்ணும் கடைசி வரியில், புள்ளி வைக்கிற இடத்தில்தான் போயிருக்கிறது. போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்தில் கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டு படி.

மூன்றாவது கணக்கு: 4.8 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் உள்ள வராண்டாவின் பரப்பளவு என்ன? நீ எழுதிய விடை 0.12 சதுர மீட்டர்.

அது எவ்வளவு பெரிய வராண்டா தெரியுமா? அப்பா பிரிண்டரில் போடுகிற ஏ4 தாள் இரண்டை ஒட்டி வைத்தால் கிட்டத்தட்ட 0.12 சதுர மீட்டர் வந்துவிடும். அந்த வராண்டாவில் நம் வீட்டுப் பூனைகூடக் காலை நீட்டிப் படுக்க முடியாது. உன் பெரிய எட்டு வைத்தாலே ஏழெட்டு எட்டு போகிற நீளம் 4.8 மீட்டர்.

நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரிகிறது. புள்ளியை மறந்துவிட்டு 48 × 25 = 1200 போட்டாய். அது சரி. 4.8-ல் புள்ளிக்குப் பின்னால் ஓர் இடம், 2.5-ல் ஓர் இடம், மொத்தம் இரண்டு இடம் என்று எண்ணினாய். அதுவும் சரி. நடுவில் ஒரு வேலை செய்தாய். தசமத்தில் கடைசிப் பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை என்று எங்கோ கேட்டது ஞாபகம் வந்து, 1200-ன் இரண்டு பூஜ்ஜியத்தையும் அடித்துவிட்டு மீதி 12-ல் இரண்டு இடம் எண்ணிப் புள்ளி வைத்தாய். பேப்பரில் அடித்த கோடுகூடத் தெரிகிறது.

எதற்காக இடத்தை எண்ணுகிறோம் என்று கேட்டால் "மிஸ் அப்படித்தான் சொன்னாங்க" என்பாய். இரு, கொஞ்சம் டைல்ஸ் ஒட்டிப் பார்ப்போம். அத்தை டைல்ஸ் கடையில் பில் போடுகிறவள்தானே. கடையில் எல்லாமே அடிக்கணக்கு, சதுர அடி. உன் கணக்கு மீட்டரில் இருப்பதால் நானும் மீட்டரிலேயே சொல்கிறேன்.

பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சின்ன டைல் ஒன்றை எடுத்துக்கொள். ஒரு மீட்டர் நீளத்துக்கு அப்படிப் பத்து டைல் வரும். அப்படியானால் ஒரு டைலின் பக்கம் மீட்டரில் பத்தில் ஒன்று, 0.1. இப்போது 4.8 மீட்டர் நீளத்துக்கு எத்தனை டைல்? 48. அகலம் 2.5 மீட்டருக்கு 25. வராண்டா முழுக்க 48 × 25 = 1200 டைல்.

பார்த்தாயா, புள்ளியை மறந்து நீ பெருக்கிய 1200 என்பது இந்த டைல் எண்ணிக்கைதான். சதுர மீட்டர் இல்லை. புள்ளியை எடுத்ததும் மீட்டரை விட்டுவிட்டு டைலை எண்ண ஆரம்பித்துவிட்டாய். அதில் தப்பே இல்லை, முழு எண்ணில் பெருக்குவது சுலபம். ஆனால் கேள்வி கேட்டவருக்கு விடை சதுர மீட்டரில் வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை டைல்? இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து, மொத்தம் நூறு. 1200 டைலை நூறு நூறாகக் கட்டினால் 12 கட்டு. விடை 12 சதுர மீட்டர்.

நூறு நூறாகக் கட்டுகிறோமே, அதற்குத்தான் "இரண்டு இடம் தள்ளிப் புள்ளி வை" என்று பெயர். 1200-ல் இரண்டு இடம் தள்ளினால் 12.00. புள்ளி வந்து உட்கார்ந்த பிறகு அதற்குப் பின்னால் சும்மா நிற்கிற பூஜ்ஜியங்களை அடிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நீ புள்ளி வைக்கும் முன்னாலேயே அடித்தாய். 1200 டைலை 12 டைல் ஆக்கிவிட்டு, அந்தப் பன்னிரண்டையும் நூறால் வகுத்தாய். மீதி 1188 டைல் எங்கே போச்சு என்று வீட்டுக்காரர் என்னைத்தான் கேட்பார்!

ஏழாவது கணக்கில் வேறு மாதிரித் தப்பு. 0.3 × 0.4 = 1.2 என்று எழுதியிருக்கிறாய். கூட்டல் கணக்கு மாதிரி மேலே இருக்கிற புள்ளியை அப்படியே கீழே இறக்கிவிட்டாய். கட்டம் போட்ட நோட்டில் பத்துக்குப் பத்து கட்டம் வரைந்து, அதைச் சுற்றித் தடித்த கோடு போடு. அது ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சின்னக் கட்டமும் நம் டைல். அகலம் 0.3 என்றால் மூன்று டைல், உயரம் 0.4 என்றால் நான்கு டைல். நிழலடித்துப் பார். பன்னிரண்டு கட்டம். நூறில் பன்னிரண்டு, 0.12. நீ எழுதிய 1.2 வரவேண்டுமென்றால் தடித்த கோட்டுக்கு வெளியேயும் இருபது கட்டம் நிழலடிக்க வேண்டும்.

"பெருக்கினால் பெரிசாகத்தானே ஆகணும்?" என்று உனக்கு ஒரு சந்தேகம் இருக்கும். எனக்கும் உன் வயதில் இருந்தது. பாட்டியிடம் கேட்டேன். பாட்டி பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷம்தான், ஆனால் பின்னக் கணக்கு வாயிலேயே வரும். "அரையில் அரை என்ன?" என்றாள். கால் என்றேன். "காலில் கால்?" எனக்குத் தெரியவில்லை. "வீசம்" என்றாள். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. அவள் சின்ன வயதில் ரூபாய்க்குப் பதினாறு அணா, 1957-ல்தான் நூறு காசாக மாறியது. ஓர் அணா என்பது ரூபாயில் வீசம். காலே துண்டு, அந்தத் துண்டிலும் கால் எடுத்தால் எப்படிப் பெரிசாகும்? அதே மாதிரிதான் 0.4-ல் 0.3 பங்கு. 0.4-ஐ விடச் சின்னதாகத்தான் வந்தாக வேண்டும்.

அதனால் இனிமேல் புள்ளி வைக்கும் முன்னால் ஒரு நிமிஷம் நிறுத்து. எண்களை மழுப்பி மனசுக்குள் ஒரு விடை சொல். 4.8 என்றால் கிட்டத்தட்ட 5. ஐந்து இரண்டரை பன்னிரண்டரை. விடை பன்னிரண்டரைக்குப் பக்கத்தில், கொஞ்சம் குறைவாக இருக்கும். கையில் இருக்கிற இலக்கங்கள் 1, 2, 0, 0. புள்ளியை எங்கே வைத்தால் பன்னிரண்டரைக்குப் பக்கத்தில் வரும்? 12.00. இடத்தை எண்ணாமலே புள்ளி உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் இடத்தை எண்ணு, இரண்டும் ஒத்துப்போகிறதா பார். ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஒன்று தப்பு, திரும்பப் போடு.

இதைக் கடையில் நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் படுக்கையறைக்கு டைல்ஸ் கேட்டு வந்தார். 12.5 அடிக்கு 8 அடி. கால்குலேட்டரில் புள்ளி சரியாக அமுங்கவில்லை. 125 × 8, ஆயிரம் சதுர அடி என்று எழுதி, இரண்டுக்கு இரண்டு டைல் 250 என்று பில்லும் போட்டுவிட்டேன். முதலாளி பில்லை வாங்கிப் பார்த்தார். அவர் பெருக்கவே இல்லை. "படுக்கையறையா, கல்யாண மண்டபமா?" என்றார், அவ்வளவுதான். 25 டைல் போதும். மெஷின் அமுக்கினதைத்தான் காட்டும் என்று தெரிந்தது. அன்றிலிருந்து தொகையைப் பார்க்கும் முன்னால் அறையைப் பார்க்கிறேன்.

காய்கறிக் கடைத் தராசில் பார்த்திருப்பாயே, சிவப்பு எழுத்தில் எடை 0.350, விலை 60.00, தொகை 21.00 என்று ஓடும். உன் பழக்கப்படி செய்தால் 35 × 60 = 2100, பூஜ்ஜியத்தை அடித்து 21, இரண்டு இடம் எண்ணி 0.21. இருபத்தொரு காசுக்குத் தக்காளி கிடைத்தால் எனக்கும் நாலு கூடை வாங்கி வை. அரைக் கிலோ முப்பது ரூபாய், இது அரைக் கிலோவுக்கும் குறைவு, அப்போது முப்பதுக்குள்தான் இருக்கும் என்று கடைக்காரர் தராசைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்.

ஒரே ஓர் இடம் கொஞ்சம் கஷ்டம். எட்டாவது கணக்கு, 0.06 × 0.4. நீ 0.24 என்று எழுதியிருக்கிறாய். ஆறு நாலு இருபத்துநாலு, அது சரி. மழுப்பிப் பார்ப்போம்: 0.4 என்பது பாதிக்கும் குறைவு. 0.06-ல் பாதி 0.03. விடை அதைவிடக் கொஞ்சம் சின்னது. 0.24 எட்டு மடங்கு பெரிசு! இப்போது எண்ணு. 0.06-ல் இரண்டு இடம், 0.4-ல் ஒன்று, மொத்தம் மூன்று. ஆனால் 24-ல் இருப்பதே இரண்டு இலக்கம். மூன்றாவது இடத்துக்கு ஆள் இல்லாததால் நீ இரண்டோடு நிறுத்திவிட்டாய். காலியான இடத்தில் முன்னால் ஒரு பூஜ்ஜியத்தை உட்கார வை: 0.024. இது 0.03-க்குக் கொஞ்சம் குறைவு, நாம் நினைத்தபடியே. நூறில் ஆறை எடுத்து, அதிலும் பத்தில் நாலு பங்கு எடுக்கிறோம் அல்லவா, நூறைத் திரும்பப் பத்தாக நறுக்கினால் ஆயிரம். ஆயிரத்தில் இருபத்துநாலு.

இன்னொன்று. கால்குலேட்டரில் 6.25 × 3.2 போட்டால் வெறும் 20 என்று காட்டும். மூன்று தசம இடம் வரணுமே, எங்கே என்று பதறாதே. 625 × 32 = 20000, மூன்று இடம் தள்ளினால் 20.000. மெஷின் புள்ளியை வைத்த பிறகு பூஜ்ஜியத்தை அடிக்கிறது, அதற்கு வரிசை தெரியும்.

நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதற்குள் இதை மட்டும் போட்டு வை. 72 × 39 = 2808, பெருக்கலை நானே செய்து கொடுத்துவிட்டேன். நீ இடத்தை எண்ணாமல், மனசுக்குள் மழுப்பி, புள்ளி மட்டும் வைக்க வேண்டும்: 7.2 × 3.9, 0.72 × 39, 7.2 × 0.39, 0.72 × 0.39. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீ மழுப்பிய எண்ணையும் எழுது, அதைத்தான் முதலில் பார்ப்பேன். நாலில் இரண்டுக்கு ஒரே விடை வரும், பயந்து மாற்றிவிடாதே. அப்புறம் அந்தப் பத்துக்குப் பத்து கட்டத்தை அழிக்காமல் வைத்திரு. கடையிலிருந்து நிஜமான சின்ன டைல் பன்னிரண்டு கொண்டுவருகிறேன், உன் 0.12 சதுர மீட்டர் வராண்டாவைத் தரையில் பரப்பிப் பூனையை உட்காரவைத்துப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அத்தை