அண்ணாச்சி கடை பற்று நோட்டு

ஆலங்குளத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்த ஊரில், அண்ணாச்சி கடைக்குக் கணக்கென்று தனியாக எதுவும் கிடையாது. ஊதுபத்தி அட்டையைக் கிழித்து எழுதிய துண்டுகள் கம்பியில் குத்திக் கிடக்கும். கொஞ்சம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில். மீதியெல்லாம் அண்ணாச்சியின் தலைக்குள்.

பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த அவர் மகன் செல்வம், மே மாதக் கடைசியில் நீள நோட்டு ஒன்று வாங்கி வந்தான். பிள்ளையார் சுழி போட்டு, ஆளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, தேதி, சரக்கு, பற்று, வரவு, பாக்கி என்று ஐந்து கட்டம் கோடு கிழித்தான். “போன்லயே ஆப் இருக்கே, எதுக்குல இது?” என்றான் கூட்டாளி. பகலில் கடையில் உட்காருவது அம்மா. அவளுக்குப் பேனாதான் தோது.

கோடு போடுவது சுலபம். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரியில் முன்பாக்கி எழுத வேண்டுமே, அங்கேதான் வம்பு வந்தது.

“இசக்கியம்மா 1,860” என்றார் அண்ணாச்சி.

சாயந்திரம் பீடித் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்த இசக்கியம்மாள் அதைக் கேட்டதும் அங்கேயே நின்றுவிட்டாள். “என்ன அண்ணாச்சி, 1,400 தானே. பீடிக் கடையில சம்பளம் வாங்கி நேரா வந்து 300 குடுத்தேம்லா?”

அண்ணாச்சிக்கு அது ஞாபகத்தில் இல்லை. இருவர் குரலும் ஏறியது. செல்வம் கம்பியை எடுத்துத் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவிப் பரப்பினான். 630 என்று எழுதிய அட்டையைத் திருப்பினால், பின்பக்கம் அண்ணாச்சியின் கையெழுத்திலேயே ‘வரவு 300’. அவர் முன்பக்கத்தை மட்டும் பார்த்துக் கூட்டியிருக்கிறார்.

“பாத்தீயளா!” என்றாள் இசக்கியம்மாள்.

“சரிக்கா, அப்போ 1,560 வருது. 1,400 இல்லையே?”

இன்னொரு துண்டு அகப்பட்டது. கோயில் கொடைக்கு எடுத்த பச்சரிசியும் வெல்லமும், 160. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “ஆமா, பொங்கலுக்கு எடுத்தேன். சரி, எழுது தம்பி. ஆனா எனக்கும் ஒரு நோட்டு குடு. நீ எழுதுத அன்னைக்கே அதுலயும் எழுதணும்.”

இது செல்வத்துக்குத் தோன்றாத யோசனை. மறுநாளே பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் சின்ன நோட்டுகள் ஒரு கட்டு வாங்கி வந்து, பற்று வைக்கும் வீடுகளுக்கெல்லாம் ஒன்று கொடுத்தான்.

மாசம் முடிந்து ஐந்தாம் தேதிக்குள் எல்லோரும் கட்ட வேண்டும் என்று ஒரு அட்டையும் எழுதித் தொங்கவிட்டான். அண்ணாச்சி அதைக் கழற்றி வைத்துவிட்டார். “அஞ்சாம் தேதி வாத்தியார்ட்ட துட்டு இருக்கும்ல. மாடு வச்சிருக்கவன்ட்ட? சொசைட்டில பால் துட்டு போட்டாத்தான் அவனுக்கு. பீடிக்காரிக்குச் சனிக்கிழமை. நூறு நாள் வேலைக்குப் போறவளுக்கு பேங்க்ல எப்போ ஏறுதோ அப்போ.”

அப்புறம் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் பேருக்குப் பக்கத்தில் ‘சனி’, ‘பால்’, ‘1-ந் தேதி’ என்று துட்டு வரும் நாள் ஏறியது. அந்தந்த நாளில் வந்ததை வரவு வைப்பது, மாசக் கடைசி ராத்திரி கூட்டி மீதியை முன்பாக்கியாக அடுத்த மாசத்துக்குத் தூக்கிப்போடுவது. வட்டி கிடையாது. கல்லூரியில் படித்த கணக்கில் இப்படி ஒரு கட்டம் இல்லைதான். ஆனால் நோட்டு நடந்ததே அதனால்தான்.

ஜூன் 30 ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கூட்டினார்கள். முன்பாக்கி 22,600. அந்த மாசப் பற்று 38,420. வரவு 29,150. நிற்பது 31,870.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். “இவ்வளவா வெளிய கிடக்கு? தென்காசி மொத்தக் கடைக்கு நாம குடுக்க வேண்டியதும் கிட்டத்தட்ட இதானல.”

“இன்னும் ஒண்ணு இருக்குப்பா. கல்லாவுல விழுந்தது, பற்றுல போனது, கடையில இருக்கது எல்லாம் சேத்தாலும் வாங்கின சரக்குக்குச் சரியா வரல. எண்ணெய், துவரம் பருப்பு, சீனி மூணும் ரொம்ப இடிக்குது.”

அந்த நேரம் பார்த்து அம்மா வீட்டுப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்து, அரை லிட்டர் கடலை எண்ணெய் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள். செல்வம் அப்பாவைப் பார்த்தான்.

“நம்ம வீட்டுக்கும் ரெண்டு பக்கம் ஒதுக்குல” என்றார் அண்ணாச்சி.

அம்மா வாசலிலேயே நின்றாள். “போடு, போடு. என் பேருக்குப் பக்கத்துல என்ன கிழமைல எழுதுவ?”