பழவந்தாங்கல் நிலையம்: கடற்கரை பக்கம் போகும் காலை ரயில்கள்

அத்தை, நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் செங்கல்பட்டு தொடங்கி கடற்கரை வரை எல்லா ஸ்டேஷனும் இருப்பதால்தான் எழுத்து அவ்வளவு பொடியாகத் தெரிகிறது. அதில் PZA என்று போட்டிருக்கும் வரிசைதான் பழவந்தாங்கல். அந்த ஒரு வரிசையை மட்டும் எடுத்து கீழே எழுதியிருக்கிறேன். எல்லாமே பழவந்தாங்கலில் நின்று, எழும்பூர் வழியாகக் கடற்கரை போகிற வண்டிகள். பக்கத்தில் இருப்பது வண்டி புறப்படும் ஊர்.

திங்கள் முதல் சனி வரை, காலை

5.22 – தாம்பரம்
5.41 – செங்கல்பட்டு
5.58 – தாம்பரம்
6.13 – தாம்பரம்
6.27 – செங்கல்பட்டு
6.39 – தாம்பரம்
6.52 – தாம்பரம் (நீங்கள் ஏற வேண்டியது)
7.04 – செங்கல்பட்டு
7.15 – தாம்பரம் (முந்தையதை விட்டால் இது)
7.28 – கூடுவாஞ்சேரி
7.40 – தாம்பரம்
7.51 – செங்கல்பட்டு
8.02 – தாம்பரம்
8.13 – தாம்பரம்
8.26 – செங்கல்பட்டு
8.38 – தாம்பரம்
8.52 – திருமால்பூர்
9.07 – தாம்பரம்
9.31 – செங்கல்பட்டு

கண் ஆஸ்பத்திரியில் 8 மணிக்குள் இருக்கச் சொன்னதாக மாமா சொன்னார். பழவந்தாங்கலிலிருந்து எழும்பூருக்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 6.52 வண்டியில் ஏறினால் 7.20 வாக்கில் இறங்கிவிடலாம், அப்புறம் படியேறி வெளியே வந்து ஆட்டோ பிடிக்க நிதானமாக நேரம் இருக்கும். 7.15 வண்டியிலும் போகலாம், ஆனால் மாமாவுக்குக் கண்ணில் மருந்து விட்டிருக்கும் நாளில் அவரை அவசரப்படுத்த வேண்டாம்.

நடுவில் வரும் 7.04 வண்டியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். செங்கல்பட்டிலிருந்து வருகிற வண்டி கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர் கூட்டத்தை எல்லாம் ஏற்றிக்கொண்டு வரும். தாம்பரத்தில் புறப்படும் வண்டியில் அந்த நேரத்துக்கு மாமாவுக்காவது உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதை நேரத்தோடு சேர்த்து எழுதியதே இதற்காகத்தான்.

படத்தில் பழவந்தாங்கல் வரிசையில் சில இடங்களில் நேரத்துக்குப் பதில் மூன்று புள்ளி இருக்கும். அவை இங்கே நிற்காமல் போகும் ஃபாஸ்ட் வண்டிகள், பட்டியலில் சேர்க்கவில்லை. அதனால் ஒரு வண்டி நிற்காமல் போய்விட்டால் பதற வேண்டாம், உங்கள் வண்டி பின்னாலேயே வரும்.

8.13 என்று எழுதியிருக்கிறேனே, அந்த எண் படத்தில் மங்கிப்போய் 8.18 மாதிரியும் தெரிந்தது. அதே வண்டி மீனம்பாக்கத்தில் 8.11, பரங்கிமலையில் 8.16 என்று மேலும் கீழும் தெளிவாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஸ்டேஷனுக்கு 8.18 வரவே முடியாது, 8.13தான். மற்ற நேரங்களையும் இப்படியே மேல் வரிசை, கீழ் வரிசையோடு ஒத்துப் பார்த்துவிட்டேன். பரங்கிமலை வரிசை ஒட்டினாற்போல் இருப்பதால் கண் நழுவினால் மூன்று நிமிஷம் தள்ளிப் படித்துவிடுவோம், அந்த மூன்று நிமிஷத்தில் வண்டி போய்விடும்.

வலது ஓரத்தில் ஒரு வண்டி பாதி வெட்டுப்பட்டு, "9.4" என்று மட்டும் தெரிகிறது. ஊகமாக ஒரு நேரம் எழுத மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். 9.31க்கு மேல் வண்டியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

சாயங்காலம் பார்க்க வேண்டுமானால், அட்டவணையில் 24 மணி நேரக் கணக்கில் போட்டிருப்பார்கள். 17.42 என்றால் 5.42. பன்னிரண்டைக் கழித்துக்கொண்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை இந்தப் பட்டியலை நம்பிப் போகாதீர்கள். அன்றைக்கு வண்டிகள் குறைவு, நேரமும் வேறு. சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற தேசிய விடுமுறை நாட்களிலும் ஞாயிறு அட்டவணைதான். தண்டவாள வேலை நடக்கும் நாட்களில் சில வண்டிகளை ரத்து செய்வார்கள், அதனால் முதல் நாள் ராத்திரி செய்தியில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அப்படி ரத்தானால் நங்கநல்லூர் ரோடு மெட்ரோவில் ஏறி, ஆலந்தூரில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் எழும்பூரிலேயே இறங்கலாம். வடபழனி, கோயம்பேடு என்று சுற்றிக்கொண்டு போகும், ஆனால் லிஃப்ட் இருக்கிறது.

டிக்கெட் எடுக்கும்போது எழும்பூருக்குப் போக வர சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பும்போது கவுன்டரில் நிற்க வேண்டியதில்லை. திரும்பி வரத் தாம்பரம், செங்கல்பட்டு என்று போட்ட வண்டியில் ஏறலாம். ஃபாஸ்ட் வண்டியா என்று மட்டும் அறிவிப்பைக் கேட்டுவிட்டு ஏறுங்கள், பழவந்தாங்கலைத் தாண்டிப் போய்விடப் போகிறது.

இதைப் பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்து, நாளைக்குத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். வெட்டுப்படாத படம் கிடைத்தால் அனுப்புங்கள், அந்தக் கடைசி வண்டியையும் சேர்த்துவிடலாம்.